கொதித்த நெல்லிக்காய்

என் அண்ணன் மகனின் காலைக் கீறிப் பார்க்கப் போகிறார்கள் என்று வார்டிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, நான் யாரோ ஒரு தோட்டத் தொழிலாளியின் மலத்தில் கொக்கிப்புழு முட்டை தேடிக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் ரத்தம், சளி, மலம் இவற்றோடு குடும்பம் நடத்தியவள் நான். கல்யாணம் ஆகாமல் அதுவே என் குடும்பமாகிவிடும் என்று அண்ணன் கவலைப்படுவார். நாடு மெர்டேகாவை, அதாவது சுதந்திரத்தை, எதிர்பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ரேடியோவைத் திறந்தால் அதே பேச்சு. எங்கள் வீட்டில் மட்டும் அந்த மாதம் ரேடியோவைத் திறக்க யாருக்கும் மனமில்லை.

மலாக்கா ஊரின் காஜா பெராங் பகுதியில், பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய் பேசிப் பழகிவிட்ட மலாக்காச் செட்டிகள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அண்ணன், அண்ணி, கைக்குழந்தை, நான். குழந்தைக்குப் பத்து மாதம். தவழ வேண்டிய வயதில் அவன் மல்லாந்து கிடந்தான். இரண்டு கால்களையும் தவளை மாதிரி மடித்து அகட்டிப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடப்பான். துணி மாற்ற யாராவது கிட்டே போனாலே வீறிடுவான். தொடக்கூட வேண்டாம், நிழல் விழுந்தால் போதும். இடது முழங்காலுக்கு மேலே வீங்கிப் பளபளவென்று இருந்தது.

குழந்தை எங்காவது விழுந்திருக்க வேண்டும் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அண்ணனும் அப்படியே நினைத்தார். அவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் கிழிப்பவர். பகலில் வீட்டில் இருப்பது அண்ணி ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வராந்தாவில் எல்லார் முன்னாலும் அண்ணன் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. கீழ போட்டியா?"

"இல்லைங்க."

"அப்பறம் கால் எப்படி வீங்கும்? தன்னால வீங்குமா?"

"நான் போடல."

அண்ணி வாதாடத் தெரியாத மனுஷி. வாதாடாதவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அன்றைக்கு எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, அதனால் எரிச்சல் இரண்டு மடங்காக இருந்தது.

அண்ணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் அவருக்கு டைபாய்டு வந்தது. செத்துப் பிழைத்தார் என்றே சொல்லலாம். தலைமுடி கொட்டியது, தாய்ப்பாலும் நின்றுபோனது. குழந்தை டின் பாலுக்கு மாறினான். தாய்சேய் கிளினிக்கில் இருந்த தாதி மிஸ்ஸி, "பிள்ளைக்குக் கொடுக்கிற எதையும் கொதிக்க வைக்காமல் கொடுக்காதே" என்று சொல்லி அனுப்பினார். வேறு பெண்கள் அதைக் காதில் வாங்கிப் பாதியை மறந்திருப்பார்கள். அண்ணி மறக்கவில்லை. புட்டி கொதிக்கும், கரண்டி கொதிக்கும், பிள்ளையின் வாய் துடைக்கிற துணி கொதிக்கும். எங்கள் வீட்டில் அடுப்பு அணைந்து நான் பார்த்ததில்லை. நானே ஒரு நாள், "அண்ணி, என்னையும் கொதிக்க வெச்சுட்டுத்தான் பிள்ளையத் தூக்க விடுவீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சோப்புப் போட்டா போதும்மா" என்றார்.

குழந்தைக்கு இரண்டு டாக்டர்கள் சேர்ந்து வைத்தியம் பார்த்தார்கள். ஒருவர் ரண வைத்தியர், வெள்ளைக்காரர். எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது, திறந்து வடித்தால்தான் கால் தங்கும் என்பது அவர் கட்சி. இன்னொருவர் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா. சிரம்பானில் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரர். தமிழைப் புத்தகம் மாதிரிப் பேசுவார். அவருக்கு இரண்டு மனது. பென்சிலின் ஊசி போட்டுப் பார்த்தாயிற்று, வீக்கம் வடியவில்லை. ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணியவள் நான்தான். சீழ் பிடித்த குழந்தைக்கு ஏறுகிற அளவுக்கு அவை ஏறவில்லை. சோகை மட்டும் இருந்தது. லேசான காய்ச்சலும் விடாமல் இருந்தது.

வார்டு ஆள் போன பிறகு டாக்டரம்மாவே சோதனைக்கூடத்துக்கு வந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு நின்றேன்.

"நாளைக் காலை முதல் கேஸ் உங்கள் வீட்டுப் பிள்ளை," என்றார். "எனக்கு அதில் திருப்தி இல்லை."

"ஏன் டாக்டர்?"

"இந்தக் குழந்தையை முதல் நாள் பார்த்தபோது என் மனதில் முதலில் வந்தது ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாமல் போனால் எலும்பின் தோலுக்கு அடியில் ரத்தம் கசியும். இப்படித்தான் வீங்கும், இப்படித்தான் அழும். டின் பால் பிள்ளைகளுக்கு வருவதுதான். ஆனால் பழச்சாறு கொடுப்பதுண்டா என்று தாயிடம் கேட்டேன். தினமும் நெல்லிக்காய் கொடுக்கிறேன் என்றார். அத்தோடு அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அண்ணியிடம் ஆயிரம் குறை சொல்வேன், வெளியாள் சொன்னால் பொறுக்காது. "ஆமாம் டாக்டர், தினமும் கொடுக்கிறாங்க. நான் என் கண்ணால பார்க்கிறேன். கிளினிக்கில ஆரஞ்சுச் சாறு வேணுமான்னு கேட்டப்ப, நெல்லிக்காய் குடுக்கிறேன்னு சொன்னாங்க. மிஸ்ஸியே பாராட்டினாங்க. ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம் இல்லையா?"

"மரத்தில் இருக்கும்போது அதிகம்தான்," என்றார் டாக்டரம்மா. "பிள்ளையின் வாய்க்குள் போகும்போது எவ்வளவு இருக்கிறது?"

நான் ஈரக் கையைத் துண்டில் துடைத்தேன். அவரே தொடர்ந்தார்.

"வைட்டமின் சி மாத்திரையை இன்றே கரைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். ஆனால் அது வேலை செய்வது தெரியச் சில நாள் ஆகும். உள்ளே இருப்பது சீழ் என்றால் அத்தனை நாள் பொறுப்பது தப்பு. ரத்தம் என்றால் திறப்பது தப்பு. ரண வைத்தியரைப் பொறுக்கச் சொல்ல வேண்டுமென்றால் என் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கிளினிக் ஆரஞ்சுச் சாற்றைச் சோதிக்கிற நீலச் சாயம் இருக்கிறது அல்லவா? உங்கள் வீட்டு நெல்லிக்காயை அதில் பாருங்கள்."

புட்டிகளில் அமிலம் ஊற்றி எடுத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். அமிலத்தில் போட்டால்தான் அந்தச் சத்து வழியிலேயே கெட்டுப்போகாமல் நிற்கும். வெயில் சுட்டது. வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான். நெல்லிக்காயில் சத்து இருக்கக் கூடாது என்று வேண்டினேன். சத்து இல்லை என்றால் பிள்ளைக்குக் கத்தி இல்லை. ஆனால் சத்து இல்லை என்றால் அண்ணிக்கு என்ன மிச்சம் என்பதைப் பாதி வழியில்தான் யோசித்தேன். யோசித்து என்ன செய்ய, இன்னும் வேகமாக மிதித்தேன்.

பார்வையாளர் நேரம் முடிந்து அண்ணி அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். பின்கட்டில் உட்கார்ந்து பித்தளைச் சட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். வார்டில் இருந்த பிள்ளைக்கும் காலையில் பிளாஸ்க்கில் நெல்லிக்காய்க் கஷாயம் கொண்டுபோய், தன் கையாலேயே கரண்டி கரண்டியாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"அண்ணி, அந்தப் பிளாஸ்க்க குடுங்க. மிச்சம் இருக்கா?"

"எதுக்கு?"

"லேப்புல பாக்கணும்."

தேய்த்த கை நின்றது. "நான் வெசம் வெச்சேனான்னு பாக்கவா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"உங்கண்ணன் கீழ போட்டேன்னு சொன்னாங்க. நீ வெசமான்னு பாக்க வந்திருக்க. இன்னும் யார் யார் என்னென்ன கேக்கணுமோ கேளுங்க."

அதுவரை அண்ணி அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கும் பொறுமை கிடையாது. "நாளைக்குக் காலையில அவன் காலைக் கிழிக்கப் போறாங்க அண்ணி! அதை நிறுத்த முடியுமான்னு பாக்கத்தான் வந்திருக்கேன். சண்டைய அப்பறம் வெச்சுக்கலாம்" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுகிறவர், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

அண்ணி எழுந்து கையைக் கழுவினார். பிளாஸ்க்கை எடுத்து நீட்டினார். "என்ன செய்யணும் சொல்லு" என்றார்.

"தினமும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே இப்ப ஒரு தடவை செய்யுங்க. எதையும் மாத்தாதீங்க."

அடுப்புக்கு மேல் பலகையிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். அடுப்புச் சூட்டில் இருந்தால் பூஞ்சை பிடிக்காது என்று அங்கே வைத்திருந்தார். உள்ளே நெல்லிக்காய் வற்றல், கன்னங்கரேல் என்று இருந்தது. போன காய்ப்பில் மக்சிக் வீட்டு மரத்திலிருந்து வாங்கி, நறுக்கி, பாயில் பரப்பித் தகரக் கூரை மேல் நாள் கணக்கில் காயவைத்தது. பொடிப்பொடியாக நொறுங்கும் வரை காயவைத்தால்தான் கெடாது என்று ஒவ்வொரு துண்டாகப் புரட்டிப் போடுவார். அந்த மரம் மறுபடி காய்த்துக்கொண்டிருந்தது. ஆனால் பழைய டின் தீராமல் புதுக்காயைத் தொடுகிற பழக்கம் அண்ணிக்கு இல்லை. அது மட்டுமல்ல, பச்சைக்காயால் சளி பிடிக்கும் என்ற பயமும் இருந்தது.

வற்றலைப் பித்தளைச் சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். அந்தச் சட்டிக்கு உள்ளே ஒரு காலத்தில் ஈயம் பூசியிருந்தது. தேய்த்துத் தேய்த்து அடியில் ஈயம் போய், மஞ்சள் பித்தளை தங்கம் மாதிரிப் பளபளத்தது. புளிப்பான எதையும் ஈயம் போன பித்தளையில் வைக்கக் கூடாது என்று அண்ணிக்கும் தெரியும். ஆனால் ஈயம் பூசுகிறவர் வந்து வெகு நாளாயிற்று, பிள்ளைக்கென்று ஒதுக்கிவைத்த சுத்தமான சட்டி அது ஒன்றுதான்.

தண்ணீர் கொதித்தது. மூடி போடவில்லை. அரைவாசியாகச் சுண்டும் வரை அண்ணி அடுப்பை விட்டு நகரவில்லை. நடுவில், "போதுமா அண்ணி?" என்று கேட்டேன். "அவ்வளவு சீக்கிரம் கிருமி சாகாதும்மா" என்றார். பிறகு துணியில் வடிகட்டினார், கற்கண்டு போட்டார், மறுபடியும் ஒரு கொதி விட்டார். வழக்கமாக இதைச் சூடாகவே பிளாஸ்க்கில் ஊற்றி இறுக்கி மூடுவார். காலையில் ஊற்றினால் சாயங்காலம் வரை சூடு ஆறாது. பசிக்கிற நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன். இதை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை.

வற்றலில் ஒரு பிடி, சட்டியிலிருந்து இறக்கிய கஷாயம் கொஞ்சம், பிளாஸ்க்கில் காலையிலிருந்து இருந்த மிச்சம் என்று எல்லாவற்றையும் புட்டிகளில் எடுத்தேன். கூடவே அதே வற்றலைப் பீங்கான் பூச்சுச் சட்டியிலும் அதே அளவு நேரம் கொதிக்கவிட்டு ஒரு புட்டி எடுத்துக்கொண்டேன். சட்டியின் குற்றம் எது, நெருப்பின் குற்றம் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பச்சைக்காயும் வேண்டியிருந்தது. வேலிப் பக்கம் போனேன். மக்சிக் தமிழ் பேச மாட்டார், அவர்கள் வீட்டில் மலாய்தான். ஆனால் சாமி கும்பிடுவது எங்களைப் போலத்தான். நான் கேட்பதற்கு முன்பே மடியில் காயைப் பறித்து வைத்திருந்தார். நெல்லிக்காயை மலாயில் சொல்கிற பேரில், "புவா மெலாக்கா" என்று சொல்லிக் கை நிறையக் கொட்டினார். குழந்தை எப்படி இருக்கிறான் என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

சோதனைக்கூடத்துக்குத் திரும்பியபோது மற்றவர்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக் குழாயில் நீலச் சாயத்தை நிரப்பினேன். விஷயம் எளிமையானது. அமிலத்தில் கரைத்த சாற்றில் அந்த நீலத்தைத் துளித்துளியாக விட வேண்டும். அமிலம் பட்டதும் நீலம் இளஞ்சிவப்பாகும். வைட்டமின் சி இருந்தால் அந்தச் சிவப்பையும் அது உடனே அழித்துவிடும். அழிக்க ஆள் இல்லாமல் போகும்போது சிவப்பு அப்படியே நிற்கும். எத்தனை துளி காணாமல் போகிறதோ அவ்வளவு சத்து.

முதலில் பச்சைக்காயை இடித்துப் பிழிந்தேன். துளி விட்டேன், மறைந்தது. இன்னொன்று, மறைந்தது. குழாயைத் திறந்தே விட்டேன், அத்தனையும் மறைந்தது. குழாய் காலியாகியும் சிவப்பு நிற்கவில்லை. சாற்றில் நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் ஆரஞ்சுச் சாற்றைச் சோதித்திருக்கிறேன், இப்படி ஒரு பசியை நான் பார்த்ததில்லை.

அடுத்தது வற்றல். ஊறவைத்துக் கரைத்ததில் கொஞ்சம் சாயம் மறைந்தது, பிறகு சிவப்பு நின்றது. வெயிலும் காற்றும் அடுப்புப் பலகைச் சூடும் சேர்ந்து பெரும்பகுதியைத் தின்றிருந்தன. ஆனாலும் மிச்சம் இருந்தது. இதுவே பிள்ளைக்குப் போதும் என்று ரண வைத்தியர் சொல்லிவிட்டால்?

பீங்கான் சட்டியில் கொதித்தது, வற்றலில் இருந்ததில் பாதிகூட இல்லை. பித்தளைச் சட்டியில் கொதித்ததில் இரண்டு துளி மறைந்தது, மூன்றாவது நின்றுவிட்டது. ஒரே வற்றல், ஒரே நெருப்பு, ஒரே நேரம். பித்தளையில் இருக்கும் செம்பு கரைந்து வந்து, காற்றோடு கூட்டுச் சேர்ந்து அந்தச் சத்தை எரித்துவிடும் என்று படித்திருக்கிறேன். படித்தது வேறு, அண்ணி தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய சட்டியில் அதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

கடைசியாகப் பிளாஸ்க். அதில் காலையிலிருந்து சூடாகவே அடைபட்டிருந்தது. கஷாயத்தின் பழுப்பு நிறம் கண்ணை மறைக்காமல் இருக்க நன்றாக நீர்க்கச் செய்து, ஒரே ஒரு துளி விட்டேன்.

சிவப்பு நின்றது.

நின்றது, நின்றது என்று என்னையறியாமல் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அந்தச் சிவப்பு மெல்ல வெளுக்கத் தொடங்கியது. அப்படியானால் சத்து இருக்கிறதா? பிள்ளைக்கு ஸ்கர்வி இல்லையா? நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் புத்தி வேலை செய்தது. உடனே மறைவதுதான் கணக்கு. ஆற அமர வெளுப்பது நெல்லிக்காயின் துவர்ப்பு செய்கிற வேலை. துவர்ப்பு எத்தனை கொதித்தாலும் போகாது. நாக்கில் பட்டால் நெல்லிக்காய் என்று தெரியும். அதனால்தான் அந்தக் கஷாயம் நெல்லிக்காய் மாதிரியே ருசித்தது, அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மறுபடி இரண்டு தடவை செய்தேன். இரண்டு தடவையும் முதல் துளியே நின்றது.

குழாய்களை வரிசையாகத் தட்டில் வைத்து டாக்டரம்மாவிடம் எடுத்துப் போனேன். அவர் எதையும் கேட்கவில்லை. தானே ஒரு துளி விட்டுப் பார்த்தார். பிறகு, "இதனால் ஸ்கர்விதான் என்று ஆகிவிடாது," என்றார். "ஸ்கர்வி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காரணம் மட்டும் போய்விட்டது. வாருங்கள்."

எக்ஸ்ரே படத்தை மறுபடி வெளிச்சத்தில் வைத்தார். முதல் தடவை எல்லாரும் வீக்கத்தைத்தான் பார்த்திருந்தார்கள். இப்போது அவர் எலும்பின் நுனியைப் பார்த்தார். வளர்கிற ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு, மற்ற எலும்பு தேய்ந்த கண்ணாடி மாதிரி மங்கல். வார்டுக்குப் போய்ப் பிள்ளையின் உதட்டை விரலால் ஒதுக்கினார். கீழே முளைத்திருந்த இரண்டு பல்லைச் சுற்றி ஈறு ஊதா நிறத்தில் உப்பியிருந்தது. பல் முளைக்கிற வீக்கம் என்று நாங்கள் நினைத்தது. அவன் வீறிட்டான். டாக்டரம்மா அவனிடம் மன்னிப்புக் கேட்டார், ஆங்கிலத்தில்.

ரண வைத்தியரிடம் அவர் என்ன பேசினாரோ எனக்குத் தெரியாது. கதவு மூடியிருந்தது. வெளியே அண்ணனும் நானும் நின்றோம். அரைமணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்து, "காய்ச்சல் ஏறாத வரை பொறுக்கிறோம். ஏறினால் அவர் சொல்வதுதான்" என்றார்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. மறுநாள் காலையில் அவன் பெயர் அறுவைப் பட்டியல் பலகையில் இல்லை. அன்று சாயங்காலம் காய்ச்சல் கொஞ்சம் ஏறியது. டாக்டரம்மா ரத்தத்தை மறுபடி எண்ணச் சொன்னார். எண்ணும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் கட்டி எல்லா அணுவும் ஒன்றாகத் தெரிந்தது, துடைத்துவிட்டு முதலிலிருந்து எண்ணினேன். ஏறவில்லை. நான் செய்த சோதனையை நம்பி ஒரு காலைப் பணயம் வைத்திருக்கிறார்களே என்று பயந்தேன். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. அண்ணியிடம் டாக்டர் மருந்து மாற்றியிருக்கிறார், கஷாயம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் பிளாஸ்க் இல்லாத கையோடு வந்து, அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார்.

அப்புறம் ஒரு நாள் காலையில் வார்டுக்குப் போனேன். தாதி துணி மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் அழவில்லை. முகத்தைச் சுளித்தான், அவ்வளவுதான். தாதி என்னைப் பார்த்து, "சத்தமே இல்ல பாத்தீங்களா" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. காய்ச்சலும் அடங்கியது. வீக்கம் வடிய இன்னும் வாரக்கணக்கில் ஆகும், ஆனால் கத்தி வேண்டியதில்லை என்று ரண வைத்தியரே சொன்னார்.

அண்ணனிடம் டாக்டரம்மா எல்லாவற்றையும் விளக்கினார். அண்ணன் வராந்தாவுக்கு வந்து, அன்றைக்குக் கேட்ட அதே இடத்தில் அண்ணியின் முன்னால் நின்றார்.

"நீ கீழ போடலையாம்," என்றார்.

"நான்தான் சொன்னேனே," என்றார் அண்ணி.

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அவருக்கு அவ்வளவுதான் வரும். எனக்கு அவரை நாலு அறை விடலாம் போல இருந்தது. ஆனால் நானும் அதே சந்தேகத்தோடுதான் இருந்தவள், எந்த முகத்தோடு அறைவது?

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அண்ணி என்னைக் கேட்டார். அதுவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுப்பு அணைந்து கிடந்தது.

"அந்தக் கஷாயத்துல என்னா கெட்டது இருந்திச்சு?"

"கெட்டது எதுவும் இல்ல அண்ணி."

"அப்பறம்?"

"நல்லதும் இல்ல."

விடவில்லை. எங்கே போனது என்று கேட்டார். மழுப்பலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. கொஞ்சம் வெயிலில் போனது என்றேன். கொஞ்சம் டின்னில் இருந்த காலத்தில். கொஞ்சம் கொதியில். கொதித்ததில் தப்பியதைப் பித்தளை தின்றது. கடைசியாக மிஞ்சியது பிளாஸ்க்கில் சூட்டிலேயே கிடந்து போனது. பாலைக் கொதிக்க வைத்தது சரிதான், தண்ணீரைக் கொதிக்க வைத்ததும் சரிதான் என்றும் சொன்னேன். அதை அவர் கேட்டாரோ என்னவோ.

"பச்சையாவே குடுக்கணுமா?"

"நல்லாக் கழுவிட்டுப் பிழிஞ்சு உடனே குடுங்க. டாக்டர் சொல்லிட்டாங்க. கிண்ணத்தையும் கரண்டியையும் எவ்வளவு வேணாலும் கொதிக்க வைங்க."

மக்சிக் கொடுத்த காயைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. துருவித் துணியில் போட்டுப் பிழிந்தார். சாறு கொஞ்சமாக, இளம்பச்சையாக இறங்கியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தார். பழக்கத்தில் கால் அந்தப் பக்கம் ஓர் அடி போயிற்று, நின்றது. டைபாய்டில் கிடந்தவருக்குப் பச்சைச் சாற்றைப் பிள்ளை வாயில் வைப்பது எத்தனை பெரிய காரியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. முதலில் தானே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். புளிப்பில் கண்ணை மூடிக்கொண்டார். கொதித்து ஆறிய தண்ணீரும் சர்க்கரையும் கலந்தார்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"நான் கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா இவனுக்கு இது வந்திருக்காது. அப்படித்தானே?"

ஆமாம் என்பது உண்மை. இல்லை என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் முழங்காலில் கையை வைத்தேன். அவரும் தள்ளிவிடவில்லை.

முதல் கரண்டி உள்ளே போனது. அவன் முகம் அஷ்டகோணலாகியது. இரண்டாவது கரண்டியைப் பார்த்ததும் உடம்பை முறுக்கி, அந்த இடது காலை நீட்டி ஓர் உதை விட்டான். கிண்ணம் கவிழ்ந்து சாறு முழுவதும் அண்ணியின் புடவையில் கொட்டியது.

இத்தனை மாதமாக ஒரு சொட்டுச் சிந்தவிடாதவர் அவர். கொட்டியதைப் பார்க்கவே இல்லை. காலைத்தான் பார்த்தார். குனிந்து அந்தப் பாதத்தை உள்ளங்கையில் பிடித்தார், அவன் அழவில்லை. வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இன்னொரு காய் எடும்மா" என்றார்.